வயல் பட்டியல்ல 3 எப்படி 8 ஆகுது?

கேள்வி, சம்மாந்துறையிலிருந்து ஒரு தங்கச்சி: "நானா, கமக்காரர் அமைப்புட காணி அட்டவணைய வாட்ஸ்அப்புல போட்டாங்க. எழுத்தெல்லாம் கடுகு மாதிரி. ஆப் ஒண்டுல போட்டுத் தெளிவாக்கினன், வாப்பாட காணியில றூட் 8 எண்டு காட்டுது. பொய் எழுத்து வராம எப்படிப் பெரிசாக்குற?"

தங்கச்சி, நாலு றூட் சேர்ந்தா ஒரு ஏக்கர். அதனால றூட் நிரல்ல 0, 1, 2, 3 மட்டும்தான் வரலாம். அந்த 8 அந்த ஆப் வரைஞ்ச 8.

அது ஏன் வரைஞ்சது? இப்படியான ஆப் ஆயிரக்கணக்கான படங்களப் பாத்துப் பழகினது. கலங்கின ஒரு பொட்டக் கண்டா, "இந்த மாதிரி இடத்துல வழமையா என்ன இருக்கும்" எண்டு பாத்து, கோடு சுத்தமா ஒரு எழுத்த அங்க வைக்கும். எழுத்து கலங்கலா இருந்தா நாம சந்தேகப்படுவம். இது பளிச்செண்டு இருக்குறதால நம்பிடுறம், அதுதான் ஆபத்து. 2013ல ஜெர்மனியில டேவிட் கிரீசல் எண்டவர் ஒரு கட்டட வரைபடத்த ஸ்கேன் பண்ணப்போய், அறைகளிட அளவே மாறி வந்ததக் கண்டுபிடிச்சார். ஒண்டு போல தெரியுற எழுத்துகளுக்கு ஒரே அச்சத் திருப்பித் திருப்பி வைக்கிற சுருக்க முறைதான் அங்க காரணம். 6 இருந்த இடத்துல 8, ஆனா பார்வைக்கு ஒரு குறையும் இல்ல.

அதனால முதல்ல மூலப்படத்தக் கேளுங்க. வாட்ஸ்அப்புல போட்டோவா அனுப்பினா அது படத்தச் சுருக்கிப்போடும். அதே படத்த டொக்கியுமெண்டா அனுப்பச் சொல்லுங்க. தாள் கைக்கெட்டுற தூரத்துல இருந்தா, முழுத்தாளையும் ஒரே படத்துல பிடிக்காம நாலு துண்டா, கிட்டப் போய்ப் பிடிக்கச் சொல்லுங்க. இதால கிடைக்கிற தெளிவ எந்த மென்பொருளும் தராது.

அதுவும் கிடைக்காட்டி இருக்குறதோட வேலை செய்வம். GIMP எண்ட படம் திருத்துற மென்பொருள்ல படத்தத் திறந்து, நல்லா சூம் பண்ணி, ஒரு இலக்கத்துட உயரம் எத்தன புள்ளி எண்டு எண்ணுங்க. இருபதுக்கு மேல இருந்தா பிரச்சினையில்ல. ஆறு ஏழுதான் எண்டா, 3க்கும் 8க்கும் இடையில உள்ள வித்தியாசம் இடப்பக்கத்துல ஒண்டு ரெண்டு புள்ளி மட்டும்தான். 3ல அந்தப் புள்ளி கொஞ்சம் வெளிறின சாம்பல், 8ல அது கடும் சாம்பல். உங்களுக்கு இருக்குற முழுச் சாட்சியும் அந்தச் சாம்பல்தான், அத அழிச்சிராதீங்க. "தெளிவா வரட்டும்" எண்டு படத்த வெறும் கறுப்பு வெள்ளையா மாத்தி, அந்தச் சாம்பல் கறுப்புப் பக்கம் விழுந்தா 3ட வாய் மூடிரும். ஆப்பே இல்லாம நீங்களே ஒரு 8 செய்துட்டீங்க.

நான் செய்யிறது இதுதான். Image > Mode > Grayscale குடுத்து நிறத்த எடுப்பன். Scale Imageல நாலு மடங்கு, Interpolation இடத்துல NoHalo. இது பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவுல இருக்குற சாம்பலக் கணக்குப் போட்டு நிரப்பும், எழுத்த ஊகிக்காது. பிறகு Sharpen (Unsharp Mask): Radius 1.5, Amount 0.8 அளவுல. எழுத்தச் சுத்தி வெள்ளை விளிம்பு தெரிஞ்சா கூடிட்டு, Amountஐக் குறைங்க. கூர்மையாக்கினா ஜேபெக் சுருக்கத்தால வந்த அழுக்குப் புள்ளியும் சேர்ந்து எழும்பும், சில நேரம் அது தசமப்புள்ளி மாதிரியே நிக்கும். சேமிக்கக்குள்ள PNGயா சேமிங்க, திரும்ப JPG வேணாம்.

இனி அட்டவணைட கணக்கையே கேளுங்க. ஒரு உதாரணம் சொல்றன். ஏக்கர், றூட், பேர்ச் எண்ட ஒழுங்குல மூண்டு வரி: 2-1-20, 1-?-15, 3-1-25. கீழ மொத்தம் தெளிவா 7-1-20. பேர்ச்சக் கூட்டினா 60. 40 பேர்ச் ஒரு றூட், அதால ஒரு றூட் மேல போகுது, 20 மிச்சம். ஏக்கர் மூண்டும் சேர்ந்து 6. மொத்தம் 7 ஏக்கர் 1 றூட் வரணும் எண்டா றூட் நிரல் 5 ஆகணும். தெரிஞ்ச ரெண்டு ஒண்டும் மேல போன ஒண்டும் சேர்ந்து 3. அப்ப அந்த இடத்துல 2தான். 3 போடவே ஏலாது, கண்ணுக்கு 3 மாதிரித் தெரிஞ்சாலும்.

ஆனா ஒரே நிரல்ல ரெண்டு இலக்கம் கலங்கி இருந்தா இந்தக் கணக்கு உதவாது. ஒண்டு கூடி மத்தது குறைஞ்சாலும் மொத்தம் அதேதான் வரும். பேர்லயும் இது வேலை செய்யாது, பேருக்குக் கூட்டுத்தொகை இல்லையே. அப்படியான கட்டத்துல கேள்விக்குறி போட்டு, பக்கத்துல அந்தக் கலங்கின துண்டையே வெட்டி ஒட்டிவிடுங்க. வாப்பாட வரியில கணக்கு ஒத்துவராட்டி, அந்தத் துண்டக் கொண்டுபோய் அமைப்புச் செயலாளரிட இடாப்புல ஒப்பிட்டுப் பாருங்க.