பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்த யூடியூப்

நேயர்களுக்கு வணக்கம். இதைக் கேட்கும்போது கையில் போன் இருந்தால் அப்படியே இருக்கட்டும், இன்று பேச்சே அதைப் பற்றித்தான்.

வாட்ஸ்அப்தான் என் நேரத்தைத் தின்கிறது என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் Digital Wellbeing & parental controls என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து, மேலே தெரியும் வட்டத்தைத் தொட்டேன். அன்று யூடியூப் 2 மணி 10 நிமிடம். வாட்ஸ்அப் வெறும் 48 நிமிடம். ஆனால் வாட்ஸ்அப்பை எத்தனை தடவை திறந்தேன் என்று பார்த்தால், 61! இரண்டும் வேறு வேறு வியாதி. அறுபது தடவை எட்டிப்பார்ப்பதற்கு நேர வரம்பு மருந்தாகாது. சத்தம் போடும் குழுக்களின் அறிவிப்பை நிறுத்தினேன், எட்டிப்பார்ப்பது தானாகக் குறைந்தது.

யூடியூபுக்குத்தான் வரம்பு. ஆத்திரத்தில் அங்கேயே ஒரு நாளைக்கு 30 நிமிடம் என்று வைத்தேன். காலை டிபனுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. ஐகான் சாம்பல் நிறமாகிவிடும், தொட்டால் திறக்காது. நான் என்ன செய்தேன்? அதே செட்டிங்ஸுக்குப் போய் வரம்பையே அழித்தேன். ஆமாம், பூட்டைப் போட்டவன் கையிலேயே சாவியும் இருக்கிறது! அதனால் அடுத்து 1 மணி 40 நிமிடம் வைத்தேன், வழக்கத்தைவிட அரை மணிதான் குறைவு. அது நிலைத்தது. வாரம் ஒருமுறை பத்துப் பத்து நிமிடமாகக் குறைத்தேன்.

அப்புறம் ஒரு ராத்திரி. 11.20-க்கு நேரம் தீர்ந்தது. சரி, தூங்கலாம் என்று விளக்கை அணைத்தேன். தூக்கம் வரவில்லை. 12 மணி அடித்ததும் எடுத்துப் பார்க்கிறேன், ஐகானுக்கு நிறம் வந்துவிட்டது! இந்தக் கணக்கு நள்ளிரவில் புதிதாகத் தொடங்கும். நாளைய பங்கையும் அன்றைக்கே சாப்பிட்டுவிட்டு 1 மணிக்குப் படுத்தேன். வரம்பு மட்டும் ராத்திரிக்கு உதவாது என்று அன்றுதான் புரிந்தது. அதே இடத்தில் பெட்டைம் மோட் இருக்கிறது. அது எதையும் பூட்டாது, ஆனால் நான் குறித்து வைத்த 10.30-க்குத் திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். சமையல் வீடியோவில் சாம்பார் சாம்பல் நிறத்தில் கொதித்தால் எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்?

இன்னொன்று. யூடியூப் குறைந்த வாரத்தில் குரோம் 10 நிமிடத்திலிருந்து 50-க்கு ஏறியிருந்தது. அதே வீடியோவைக் குரோம் வழியாகப் பார்த்திருக்கிறேன்! ஒன்று இறங்கும்போது பக்கத்தில் எது ஏறுகிறது என்று பாருங்கள்.

ஐபோன் பற்றியும் சொல்ல நினைத்தேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: அங்கே இதற்குப் பெயர் ஸ்கிரீன் டைம். நேரம் தீர்ந்ததும் Ignore Limit என்று ஒரு பொத்தான் வரும், அதைத் தொட்டு அன்றைய வரம்பையே ஒதுக்கிவிடலாம். அதைத் தடுக்க ஸ்கிரீன் டைமுக்கென்று தனி ரகசிய எண் வைக்கலாம். அந்த எண்ணை நீங்கள் போடாதீர்கள், வீட்டில் வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள். வணக்கம்.