மார்க் கூட்டுவதற்கு முன்னால்

(காரைக்குடியில் முதலுதவிப் பயிற்றுநர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பயிற்சி தரும் ஆசிரியர்களே, தொண்டர்களை அழைத்து வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பயிற்சி முடிந்ததும் பாஸ், பெயில் என்று மட்டும் சொல்லிவிடலாமா, இருபதுக்கு இத்தனை என்று மார்க் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாரடைப்பில் மூச்சும் துடிப்பும் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் சிபிஆர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். எங்கே சறுக்குகிறோம் என்பது அதில் நன்றாகத் தெரியும்.

ஒரு மதிப்பெண் தாளை வைத்துப் பார்ப்போம். இடம் பாதுகாப்பானதா என்று பார்ப்பது 2, தோளைத் தட்டிக் கூப்பிடுவது 2, மூச்சைப் பார்ப்பது 2, 108-க்குச் சொல்லச் செய்வது 2, கை வைக்கும் இடம் 2, அழுத்தும் ஆழம் 4, வேகம் 2, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பை முழுதாக எழும்ப விடுவது 2, இடைவெளி விடாமல் தொடர்வது 2. மொத்தம் 20. பத்து வாங்கினால் பாஸ்.

ஒரு பெண் வருகிறார். எல்லாப் படிகளும் வரிசையாக, தெளிவாக நடக்கின்றன. ஆனால் பயிற்சிப் பொம்மையின் மார்பு மூன்று சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. பெரியவர்களுக்கு ஐந்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ஆழத்துக்கு அவருக்கு பூஜ்யமே போட்டாலும் கையில் 16 இருக்கிறது. சான்றிதழில் நல்ல மார்க். ஆனால் அந்த அழுத்தத்தில் மூளைக்குப் போதுமான ரத்தம் போகாது. அதாவது, வேறு வரிகளில் சேர்த்த மார்க் இந்தக் குறையை மூடி மறைத்துவிட்டது. மார்க் கூட்டும் முறையில் இருக்கும் ஆபத்து இதுதான்.

சரி, அப்படியானால் எல்லா வரியிலும் பாஸ் ஆனால்தான் பாஸ் என்று வைத்துவிடலாமா? அடுத்து ஒரு இளைஞர் வருகிறார். ஆழமும் வேகமும் அருமை, நிமிடத்துக்கு 110 அழுத்தம். ஆனால் ஆரம்பத்தில் 'இடம் பாதுகாப்பு' என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. கண்ணால் சுற்றிப் பார்த்தார், நமக்கே தெரிந்தது. அவரை பெயிலாக்கினால், நாம் அளந்தது திறமையை அல்ல, மனப்பாடத்தை.

என் கருத்து இது. முதலில் சில படிகளைத் தனியே எடுத்து, அவற்றுக்கு மார்க்கே போடாதீர்கள். 'இதை விட்டால் ஆள் பிழைப்பாரா?' என்று ஒவ்வொரு வரியிடமும் கேளுங்கள். 108-க்குச் சொல்வது, மூச்சைப் பார்த்து முடிவெடுப்பது, ஆழம், வேகம், நிறுத்தாமல் தொடர்வது, இவை அந்தத் தனிப் பட்டியலில் இடம்பெறும். இவற்றில் ஒன்று விழுந்தாலும் தேர்ச்சியில்லை. மற்றவற்றுக்குத் தாராளமாக மார்க் போடுங்கள், எங்கே சரிசெய்வது என்று அது காட்டும். ஆனால் அந்த மார்க் தேர்ச்சியைத் தீர்மானிக்கக் கூடாது.

இந்தப் பட்டியலை ஊரைப் பார்த்தும் போட வேண்டும். நம் செட்டிநாட்டு வீடுகள் பல, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கின்றன. ஆள் விழுந்திருப்பது இரண்டாம் கட்டில், ஆம்புலன்ஸ் வந்து நிற்பது பூட்டிய முகப்பில் என்றால் நிமிடங்கள் போய்விடும். ஆகவே இங்கே '108-க்குச் சொன்னார்' என்பது போதாது. எந்தத் தெரு வாசலுக்கு வரவேண்டும் என்று சொன்னாரா, வாசலில் ஒருவரை நிறுத்தச் சொன்னாரா என்பதையும் நான் அந்தப் படிக்குள்ளேயே வைப்பேன். வேறு ஊரில் இது கூடுதல் மார்க் விஷயமாகவே இருக்கலாம்.

இனி கோட்டின் ஓரத்தில் நிற்பவர்கள். பாஸ், பெயில் என்று வைத்தால் சண்டை எல்லாம் அந்தக் கோட்டில்தான் வரும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, பத்து அழுத்தம் பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். முப்பது அழுத்தம்கூட 110 வேகத்தில் பதினாறு நொடிதான், அதற்குள் யாருக்கும் கை சோராது. முழு இரண்டு நிமிடம் செய்ய விடுங்கள். ஒரு நிமிடம் தாண்டியதும் ஆழம் குறைகிறதா, தோள் மடங்குகிறதா, மார்பு எழும்பும் முன்பே அடுத்த அழுத்தம் விழுகிறதா என்று பாருங்கள். ஆழம் சரியாக இருக்கும்போது 'டிக்' சத்தம் தரும் பொம்மை இருந்தால் சத்தம் எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, தவறு செய்தவர் தானே கண்டு உடனே திருத்திக்கொண்டால் அதைத் தவறாக எண்ணாதீர்கள். நாம் குறிப்புக் கொடுத்த பிறகு திருத்தினால் அது வேறு. இந்த இரண்டையும் தேர்வுக்கு முன்பே எழுதி வைத்து, இரண்டு பயிற்றுநர்கள் ஒரே ஆளைத் தனித்தனியே பார்த்து ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. எந்த வரியில் இருவரும் வேறுபடுகிறார்களோ, அந்த வரியின் சொற்களைத் திருத்த வேண்டும்.

அப்புறம் தேர்ச்சி பெறாதவர் விஷயம். ஆழம் போதாதவரிடம் 'ஆழம் மட்டும் இன்னொருமுறை' என்று கேட்டால் பத்து அழுத்தம் நன்றாகவே செய்வார். அதனால் பயிற்சி கொடுத்துவிட்டு, தோளைத் தட்டிக் கூப்பிடுவதிலிருந்து இரண்டு நிமிடம் வரை முழுதாகச் செய்யச் சொல்லுங்கள். தாளில் 'பெயில்' என்று மட்டும் எழுதாமல், 'மூன்று சென்டிமீட்டர்தான் இறங்குகிறது, முழங்கை மடங்குகிறது' என்று எழுதுங்கள். தேர்ச்சி பெற்றவர் சான்றிதழில் தேதியைப் போட்டு, அடுத்து எப்போது திரும்ப வந்து செய்து காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் பழகாவிட்டால் இந்தத் திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். நன்றி.