மேலே கல்லாக உறையும் பிரிட்ஜ் கீழே ஏன் சூடாகிறது? டிஃப்ராஸ்ட் ஹீட்டர், டைமர், சென்சார்

[காட்சி: திறந்த இரட்டைக் கதவு பிரிட்ஜ். கீழ்த்தட்டில் ஒரு பால் பாத்திரம்.]

ஹட்டனுக்குப் பக்கத்தில், தென்மேல் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், ஒரு வீட்டிலிருந்து என்னை அழைத்தார்கள். ஃப்ரீசரில் இருந்த மீன் கல் மாதிரி உறைந்திருந்தது. கீழ்த்தட்டில் வைத்த பாலோ மறுநாளே திரிந்துபோனது. "இதுக்கு ரெண்டு தரம் கேஸ் அடிச்சாச்சு தம்பி, அடிச்சா ஒரு பத்து நாளைக்கு நல்லா இருக்கு, அப்புறம் பழையபடிதான்" என்று வீட்டுக்கார அக்கா சொன்னார். அந்தப் பத்து நாள் என்ற கணக்கைக் கேட்டவுடனேயே இது கேஸ் கோளாறு அல்ல என்பது எனக்கு ஏறக்குறைய தெரிந்துவிட்டது. ஏன் என்று சொல்வதற்கு முதலில் பின்பலகையைக் கழற்றிக் காட்டுகிறேன்.

[காட்சி: ஃப்ரீசரின் உட்புறப் பின்பலகை அகற்றப்படுகிறது. பனி மூடிய காயில் தெரிகிறது.]

பனி கட்டாத பிரிட்ஜ் என்று நாம் சொல்வதில் உண்மையில் பனி கட்டாமல் இருப்பதில்லை. உணவு இருக்கும் இடத்தில் கட்டாமல், இந்தப் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூலிங் காயிலின் மீது கட்டுகிறது. காயிலைக் குளிரவைக்கும் வேலை கம்ப்ரசருடையது. அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே காற்றை இழுத்து, பெரும்பகுதியை ஃப்ரீசருக்கும் மிச்சத்தை ஒரு குழாய் வழியாகக் கீழ்த்தட்டுக்கும் தள்ளுவது இந்தச் சிறிய விசிறி. கீழ்த்தட்டுக்கென்று தனியாக ஒரு காயில் இந்த வகைப் பிரிட்ஜில் கிடையாது. ஆகவே தகடுகளின் இடைவெளி பனியால் அடைபட்டதும் காற்றோட்டம் நின்று, முதலில் பட்டினி கிடப்பது கீழ்த்தட்டுதான். பனிக்கட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃப்ரீசர் இன்னும் பல நாட்களுக்குக் குளிராகவே இருக்கும்.

அந்தப் பனியை அவ்வப்போது உருக்குவதற்கு மூன்று பொருட்கள் உள்ளன. டைமர் நேரத்தைக் கணக்கிடுகிறது, ஹீட்டர் சூடாக்குகிறது, பைமெட்டல் என்று கடைகளில் கேட்டு வாங்கும் சென்சார், ஹீட்டரை எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கிறது. இவற்றோடு, எல்லாம் கைவிட்ட நிலையில் ஒரே ஒரு முறை எரிந்து பிளாஸ்டிக்கைக் காப்பாற்றும் தேர்மல் பியூஸ் ஒன்றும் உண்டு. ஹீட்டர், பைமெட்டல், பியூஸ் ஆகிய மூன்றும் ஒரே வயரில் வரிசையாக மாட்டப்பட்டிருப்பதால், எது அறுந்தாலும் வெளியே தெரியும் நோய் ஒன்றுதான். பலர் தவறுவதும் இந்த இடத்தில்தான்.

[காட்சி: டைமரின் அண்மைக்காட்சி. நடுவில் திருகாணி போன்ற பிளவு.]

டைமருக்குள் ஒரு சின்ன மோட்டாரும் பற்சக்கரங்களும் இருக்கின்றன. கம்ப்ரசர் மொத்தமாக ஏறத்தாழ 8 மணி நேரம் ஓடி முடிந்ததும், அது மின்சாரத்தைக் கம்ப்ரசரிடமிருந்து பிடுங்கி ஹீட்டரின் பக்கம் மாற்றிவிடுகிறது; சில பிரிட்ஜ்களில் இது 6 மணியாகவோ 12 மணியாகவோ இருக்கும். இருபது முப்பது நிமிடங்கள் கழித்து மறுபடியும் கம்ப்ரசருக்கே திருப்பிக் கொடுக்கும். இந்த நேரத்தில் பெரும்பாலான பிரிட்ஜ்களில் விசிறியும் நின்றுவிடும், ஏனென்றால் வெப்பம் உணவின் மீது வீசப்படக் கூடாது.

நான் சொன்ன 8 மணி நேரம் என்பது கடிகார நேரமன்று, கம்ப்ரசர் ஓடிய நேரம் என்பதைக் கவனியுங்கள். கொழும்பின் வெக்கையில் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடும் கம்ப்ரசர் இரண்டு முறை பனி உருக்கும் என்றால், அதே பிரிட்ஜ் நுவரெலியாவின் குளிரில் எட்டு மணி நேரமே ஓடி, ஒரே ஒரு முறைதான் உருக்கும். மலைநாட்டின் மூடுபனியைப் பார்த்து இங்கே பனி அதிகம் சேரும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் அது முழு உண்மையன்று. 18 பாகை செல்சியஸில் ஈரம் நிறைந்த ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 15 கிராம் நீராவியே இருக்கும். 30 பாகையில் நூற்றுக்கு 75 ஈரப்பதமுள்ள கடற்கரைக் காற்றில் 23 கிராம் வரை இருக்கும். அதனால் உருக்கும் முறை குறைந்தாலும், ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் உள்ளே நுழையும் ஈரமும் இங்கே குறைவாகவே இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள பிரிட்ஜ் சமாளித்துக்கொள்கிறது.

மலைநாட்டில் என்னைப் பொறுத்தவரை பெரிய தொல்லை மின்னழுத்தம்தான். தோட்டத்து லயங்களுக்கு நீண்ட தூரம் வயர் இழுத்துச் செல்லும் இடங்களில் மாலையில் எல்லோரும் விளக்கும் அடுப்பும் போடும்போது 230 வோல்ற் 180 ஆகக் குறைவதுண்டு. 150 வாற் ஹீட்டர் அப்போது 92 வாற் அளவுக்கே சூடாகும். டைமருக்கோ வோல்ற் குறைந்தது தெரியாது. தனக்குரிய நிமிடங்கள் முடிந்ததும் கம்ப்ரசரைப் போட்டுவிடும், அரைகுறையாக உருகிய பனி அங்கேயே மறுபடி கட்டியாகும். இங்கே ஒரு பொருளும் பழுதில்லை, ஆனால் நோய் அதேதான்.

[காட்சி: பைமெட்டல், காயில் குழாயில் கவ்வியிருக்கும் நிலையில்.]

பைமெட்டலுக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு வட்டத் தகடு இருக்கிறது. காயில் நன்றாகக் குளிர்ந்து, பூச்சியத்துக்குக் கீழே ஐந்து ஆறு பாகை சென்றால் அது வளைந்து இணைப்பை மூடும். பனியெல்லாம் உருகிக் காயில் பத்துப் பன்னிரண்டு பாகைக்கு வந்ததும் விலகி ஹீட்டரை நிறுத்தும். அளவுகள் பொருளுக்குப் பொருள் மாறும், மேலேயே அச்சிட்டிருப்பார்கள். பனி முழுவதும் உருகும்வரை காயில் பூச்சியத்தைத் தாண்டி அதிகம் ஏற முடியாது என்பதால், வெப்பநிலையை மட்டும் பார்த்தே பனி தீர்ந்ததை இது அறிந்துகொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஆனால் இதைச் சோதிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. அறை வெப்பத்தில் மல்டிமீற்றரை வைத்தால் நல்ல பைமெட்டலும் இணைப்பு இல்லை என்றே காட்டும்; அதைப் பார்த்துவிட்டு நல்ல பொருளைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு, தொழில் பழகிய காலத்தில் நானும் போட்டிருக்கிறேன். வெறும் ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தினாலும் போதாது, அது பூச்சியத்தில் நின்றுவிடும்.

[காட்சி: மேசை மீது ஒரு கோப்பை, உடைத்த ஐஸ், உப்பு.]

இப்போது ஹட்டன் வீட்டுக்குத் திரும்புவோம். பலகையைக் கழற்றியதும் காயில் முழுவதும், மேலிருந்து கீழ்வரை, ஒரே சீராகப் பனி மூடியிருந்தது. கேஸ் குறைந்திருந்தால் காயிலின் தொடக்கத்தில் ஒன்றிரண்டு சுற்று மட்டும் பனி பிடித்து, மற்றவை வெறுமையாக இருந்திருக்கும். இங்கே அப்படியில்லை. அப்படியானால் கேஸ் அடித்ததும் ஏன் சரியானது? இரண்டு முறையும் பிரிட்ஜைக் கடைக்கு எடுத்துச்சென்று இரண்டு நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பனி தானாக உருகியது.

பிளக்கைக் கழற்றிவிட்டு, டைமரை அதன் இணைப்பிலிருந்து உருவி எடுத்து, ஹீட்டருக்குப் போகும் வயருக்கும் பிளக்கின் நியூட்ரல் முனைக்கும் இடையே அளந்தேன். பனி மூடிய காயிலில் மூன்றும் நன்றாக இருந்தால் அந்த இடத்தில் ஹீட்டரின் ஓம் அளவு காட்ட வேண்டும். 150 வாற் ஹீட்டருக்கு அது ஏறத்தாழ 350. மீற்றர் ஒன்றும் காட்டவில்லை. அதனால் டைமர் மேல் இருந்த சந்தேகம் பின்னுக்குப் போய், வரிசையில் உள்ள மற்ற மூன்றில் ஒன்று அறுந்திருக்கிறது என்றானது. பனியைக் கத்தியால் கொத்தாமல் (காயில் ஓட்டையானால் பிரிட்ஜே முடிந்துபோகும், R600a கேஸ் என்றால் அது தீப்பிடிக்கும்), கதவைத் திறந்து சுடுநீர்ப் பாத்திரம் வைத்து உருக்கினேன். பிறகு ஒவ்வொன்றாக அளந்தபோது ஹீட்டர் 346 ஓம் காட்டியது, பியூஸிலும் இணைப்பு இருந்தது.

மிஞ்சியது பைமெட்டல். உடைத்த ஐஸில் மூன்றில் ஒரு பங்கு உப்புப் போட்டுக் கலக்கினால் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகைக்கு அப்பாலும் குளிரும். பொலித்தீன் பையில் சுற்றிய பைமெட்டலை அதில் கால் மணி நேரம் வைத்தும் மீற்றரில் அசைவே இல்லை. கையில் எடுத்துப் பார்த்தபோது அதன் முகம் தட்டையாக இராமல் உப்பியிருந்தது. உள்ளே தண்ணீர் புகுந்து உறைந்து உறைந்து தள்ளிய அடையாளம் அது. ஒப்புப் பார்ப்பதற்காகப் புதிய ஒன்றைக் கோப்பையில் வைத்தேன், சில நிமிடங்களில் 'டிக்' என்ற சத்தத்தோடு இணைந்தது.

இதற்கு நேர்மாறான பழுதுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைமெட்டல் எப்போதும் மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டால், பனி தீர்ந்த பிறகும் டைமர் முடியும்வரை ஹீட்டர் எரியும். ஃப்ரீசரில் வைத்த ஐஸ்கிறீமின் மேல்பகுதி இளகி மறுபடி உறைந்திருக்கும், கடைசியில் பியூஸ் போகும். ஆகவே பியூஸ் மட்டும் எரிந்திருந்தால் அதை மாற்றுவதோடு நிறுத்தாமல் பைமெட்டலையும் மாற்றுங்கள். டைமர் உருக்கும் நிலையில் சிக்கிக்கொண்டால் விளக்கு எரியும், ஆனால் கம்ப்ரசரும் விசிறியும் ஓடாமல் இரண்டு பகுதிகளும் சூடாகும். திருகாணிச் சாவியால் அந்தப் பிளவை வலப்பக்கமாக மெல்லத் திருப்பியதும் கம்ப்ரசர் உயிர்பெற்றால் டைமர்தான் காரணம். குளிரூட்டும் நிலையில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க, பிளவின் நுனியில் பேனாவால் கோடு போட்டு, கம்ப்ரசர் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு அது நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புதிய இன்வேர்ட்டர் வகைகளில் இந்த டைமர் இருக்காது. மின்னணு போர்ட் கணக்கிடும், பைமெட்டலுக்குப் பதில் வெப்பத்துக்கேற்ப ஓம் மாறும் சென்சார் இருக்கும். குளிரக் குளிர அதன் ஓம் கூடும் என்பதால், அதற்கு மீற்றரை அறையிலும் ஐஸ் தண்ணீரிலும் வைத்து இரண்டு அளவுகளையும் அந்த மொடலின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

[காட்சி: இரவு. பிரிட்ஜின் பின்புறம், கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டு.]

புதிய பைமெட்டலை மாட்டிப் பலகையைப் பூட்டிய பிறகு, பிரிட்ஜை ஓடவிட்டுவிட்டு வந்தேன். டைமர் எங்கே நிற்கிறது என்று பார்த்து, மறுநாள் காலையளவில் உருக்கும் என்று அந்த அக்காவிடம் சொல்லியிருந்தேன். காலை ஆறரைக்கு அவர் தொலைபேசியில் அழைத்து, பிரிட்ஜ் நின்றுவிட்டது என்று பதறினார். பின்னால் குனிந்து, உருகிய பனி நீர் வந்து விழும் தட்டின் பக்கம் காது வைத்துக் கேட்கச் சொன்னேன். சற்று நேரம் கழித்து, "தட்டில தண்ணி சொட்டுது தம்பி" என்றார்.