பள்ளிக்கரணையைக் கொண்டு காரணமும் விளைவும் எழுதுவது எப்படி?

[திரையில்: "சென்னை நகரம் வளர்ந்ததால் வெள்ளம் ஏற்பட்டது."]

வணக்கம். நகர வளர்ச்சியைப் பற்றிய தேர்வுக் கட்டுரைகளில் இத்தகைய வாக்கியத்தை அடிக்கடி காணலாம். இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆயினும், நகரம் வளர்வதற்கும் தெருவில் தண்ணீர் நிற்பதற்கும் இடையில் என்ன நடந்தது என்பதை 'ஆல்' என்னும் உருபு தானாகச் சொல்லிவிடாது. அதை எழுதுபவர்தான் சொல்ல வேண்டும்.

[திரையில்: தென்சென்னை வரைபடம். ஏரிகள், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம்]

தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பரவித் தங்கி, பின்னர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டித் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகியபோது, இச்சதுப்பின் பெரும்பகுதி மண் கொட்டி மேடாக்கப்பட்டது. மாநகராட்சியின் பெருங்குடிக் குப்பை மேடும் சதுப்புக்குள்ளேயே எழுந்தது. விடுபட்ட கண்ணி இதுதான். இனி நம் வாக்கியத்தைத் திருத்துவோம்.

[திரையில்: "நகரம் வளர்ந்ததால் நிலத்தின் தேவை கூடியதால் சதுப்பு நிலம் மேடாக்கப்பட்டதால் நீர் தேங்கியது."]

கண்ணிகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் வாக்கியம் படிக்க முடியாததாகிவிட்டது. 'ஆல்' மூன்று முறை வரும்போது, எது எதற்குக் காரணம் என்று படிப்பவர் திரும்பத் திரும்பப் பார்க்க நேர்கிறது. ஒரு வாக்கியத்துக்கு ஓர் 'ஆல்' போதும் என்பது என் கருத்து. அடுத்த கண்ணியைப் புதிய வாக்கியத்தில் தொடங்கி, முன் வாக்கியத்தின் செய்தியைச் சுட்டி எடுத்துச் செல்லலாம்.

[திரையில்: "நகரம் தெற்கே விரிந்ததால் நிலத்தின் தேவை கூடியது. இதன் விளைவாக, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி மேடாக்கப்பட்டது. முன்பு அங்கே பரவி நின்ற மழைநீருக்கு இடம் குறைந்தமையால், அது சுற்றியுள்ள குடியிருப்புகளில் தேங்குகிறது."]

அடுத்து, மாணவர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே கருதும் இரண்டு சொற்கள்: 'அதனால்', 'எனவே'. பேச்சில் இவற்றை மாற்றிப் பயன்படுத்தினாலும் குறையில்லை. கட்டுரையில் மட்டும் ஒரு வேறுபாட்டைக் காப்பது நல்லது. நடந்த ஒன்று நடந்த மற்றொன்றை உண்டாக்கியது என்னும்போது 'அதனால்' இயல்பாகப் பொருந்தும். சான்றுகளைச் சொல்லிவிட்டு, எழுதுபவர் தம் முடிவைக் கூறுமிடத்தில் 'எனவே' அல்லது 'ஆகவே' பொருந்தும். "சதுப்பு மேடாக்கப்பட்டது, அதனால் நீர் தேங்கியது. எனவே, எஞ்சிய பகுதியில் கட்டட அனுமதி வழங்குவது தகாது." முதலாவது நிகழ்வு, இரண்டாவது கருத்து. இரண்டிடத்திலும் 'எனவே' என்று எழுதினால், கருத்தும் நடந்த செய்தியைப் போலவே தோன்றும். கூர்மையாகப் படிக்கும் திருத்துநர் அதைக் கவனிப்பார்.

[திரையில்: "2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பள்ளிக்கரணை ஆக்கிரமிப்பே காரணம்."]

இங்கே சிக்கல் ஏகாரத்தில் இருக்கிறது. 'ஆக்கிரமிப்பே' என்றதும் பிற காரணங்கள் அனைத்தும் விலக்கப்படுகின்றன. ஆனால் அந்த ஆண்டு வழக்கத்தை மீறிய கனமழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் அடையாற்றில் பெருகியது. அடையாற்றின் கரையோரப் பகுதிகள் மூழ்கியதற்குப் பள்ளிக்கரணையைக் காரணம் காட்ட இயலாது, ஏனெனில் அது வேறு வடிகால். ஆகவே, "வேளச்சேரி போன்ற பகுதிகளில் நீர் தேங்கியதற்குச் சதுப்பு நிலம் சுருங்கியதும் ஒரு காரணம்" என இடத்தையும் அளவையும் குறுக்கி எழுத வேண்டும். 'காரணங்களுள் ஒன்று', 'மேலும் கடுமையாக்கியது' என்னும் தொடர்களும் இதற்கு உதவும். உம்மைக்கும் ஏகாரத்துக்கும் ஓரெழுத்தளவே வேறுபாடு. வாதம் நிற்பதும் விழுவதும் பல நேரங்களில் அங்கேதான்.

போகிற போக்கில் ஒரு பிழையையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஏனெனில்' என்று தொடங்கிய வாக்கியத்தை 'என்பதே காரணமாகும்' என்று முடிப்பது, ஒரே செய்தியை இருமுறை சொல்வதாகும்.

இறுதியாக, விளைவைக் குறிக்கும் பெயர்ச்சொற்கள். 'விளைவு' என்பது நன்மைக்கும் தீமைக்கும் பொதுவானது. 'பயன்' என்பதும், இக்காலக் கட்டுரை நடையில் 'பலன்' என்பதும் நன்மையின் பக்கம் சாய்பவை. "குப்பை கொட்டியதன் பயனாக நிலத்தடி நீர் கெட்டது" என்றால் கேலி போல ஒலிக்கும்.

[திரையில்: "பெருங்குடிக் குப்பையில் ஊறி வடியும் கசிவுநீர் சதுப்பில் கலப்பதன் விளைவாக, அந்நீர் மாசடைகிறது. 2022ஆம் ஆண்டில் பள்ளிக்கரணை ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டதன் பயனாக, அதன் பாதுகாப்பு பன்னாட்டுக் கவனத்தைப் பெற்றது."]

இவ்விரு வாக்கியங்களிலும் சொற்களை இடம் மாற்றிப் படித்துப் பாருங்கள். இரண்டாவதில் 'விளைவாக' என்று எழுதினாலும் பொருந்தும். முதலாவதில் 'பயனாக' என்பது பொருந்தாது.