கண்டக்டர் ஊதிய இரண்டு விசில்

தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்திலும் பத்து நிமிடத்தை அன்போடு எடுத்துக்கொண்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் போக்குவரத்துத் தோழர்களே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

கதை, குரல், கேட்பவர் என்று மூன்றைப் பற்றிப் பேசுவதாகத் தலைவரிடம் ஒப்புக்கொண்டேன். முதலில் கதை.

“கதைக்குக் காலில்லை, கொழுக்கட்டைக்குத் தலையில்லை” என்பாள் என் பாட்டி. நான் எழுதிய சிறுகதையின் நாயகரோ, காலம் முழுக்கக் காலிலேயே நின்ற கண்டக்டர். ஓய்வுபெற்றதும் பேத்தி செல்போனை ஆறடி தள்ளி ஸ்டாண்டில் வைத்து, “தாத்தா, கதை சொல்லு” என்கிறாள். மனிதர் சட்டையை இஸ்திரி போட்டு, பின்னால் புதுப் போர்வையைத் திரையாகக் கட்டி, பஸ்ஸில் பாம்பு ஏறிய கதையைச் சொல்கிறார். “பாம்பு இவ்ளோ நீளம்!” என்று கையை விரிக்கிறார். “டிரைவர் இப்படி முழிச்சான்” என்று முழித்தும் காட்டுகிறார்.

மறுநாள் ஒரே ஒரு கமெண்ட்: “எவ்ளோ நீளம் ஐயா?”

இவருக்குச் சுருக்கென்றது. “கையை விரிச்சுக் காட்டினேனே, பாக்கலையா?” என்று தட்டிவிட்டார். பதில் வந்தது: “பார்வை இல்லைங்க ஐயா. காதாலதான் உங்க பஸ்ஸில வர்றேன்.”

அன்று அவர் சாப்பிடவில்லை. அப்புறம்தான் மற்றவர்களும் சொல்கிறார்கள். ஒருத்தி தையல் மிஷினில் இருந்தபடி கேட்கிறாளாம். இன்னொருவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூக்கம் வரும்வரை கேட்கிறாராம். போர்வையை யாருமே பார்க்கவில்லை!

அடுத்த கதையில் பாம்பு, “முன்படியிலேர்ந்து மூணாவது சீட்டு வரைக்கும்” நீண்டது. தூரத்துப் போனில் குரலோடு அறையின் எதிரொலியும் சேர்ந்துவிடுகிறது என்று ஃபேனை நிறுத்தி, போனை ஒரு சாண் தூரத்துக்கு இழுத்துக்கொண்டார். “தாத்தா, நெத்தி மட்டும்தான் தெரியுது!” என்றாள் பேத்தி. “தெரியட்டும்மா.” முகபாவத்துக்காக அவர் பேச்சை நிறுத்தினால், நெட் போய்விட்டதென்று கேட்பவர்கள் போனைத் தட்டுகிறார்கள். அதனால் காட்சி முடிந்தால் ஒரு விசில், அடுத்தது தொடங்கினால் இரண்டு. முதல் தடவை மைக்குக்கு நேரே ஊதியதில் சத்தம் கிழிந்து, கேட்டவர்களுக்குக் காது வலித்தது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு ஊதப் பழகினார்.

கதைக்குக் காலில்லை, சரி. பஸ்ஸுக்கு வாய் இருக்கிறதா? அடுத்த நிறுத்தம் எது என்று ஒவ்வொரு பஸ்ஸிலும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் நான் மேடை மேடையாக ஏறுகிறேன். பலகையில் ஓடும் எழுத்து அந்தக் கமெண்ட் போட்டவருக்கு எதற்கு? இறங்க வேண்டிய இடம் தாண்டிய பிறகு பக்கத்து சீட்டுக்காரர் சொல்லி என்ன பயன்? வாசலில் மனு இருக்கிறது. வாசித்துக் காட்டவும் ஆள் நிற்கிறார்.

குரல், கேட்பவர் இரண்டும் பாக்கி. செயலாளர் அங்கிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமா, இரண்டு விசிலா? வாயைத் திறந்து சொல்லுங்கள் ஐயா!