ஒன்பது நிரல், நாலு கூறு: நாப்சாக் அட்டவணையை நிரப்புவது எப்படி?

(ராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கல்லூரி ஒன்றில், அல்காரிதம் பாடம் படிக்கும் மாணவர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். உங்களில் பாதிப்பேர் பாம்பன், மண்டபம், தேவிபட்டினம் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று சொன்னார்கள். அதனால் பாடப்புத்தகத்தில் வருகிற திருடனையும் அவன் பையையும் இன்றைக்கு விட்டுவிடலாம். கரைக்கே போவோம்.

பாம்பன் கரையில் ஒரு சின்ன வியாபாரி. மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டி. அதில் 80 கிலோ ஏறும், அதற்கு மேல் ஏற்ற முடியாது. கரையில் நாலு கூறு ஏலத்துக்குக் கிடக்கிறது. நெத்திலி 20 கிலோ, ராமநாதபுரம் மார்க்கெட்டில் விற்றால் 300 ரூபாய் லாபம். கணவாய் 30 கிலோ, 600 ரூபாய். நண்டு 40 கிலோ, 900 ரூபாய். பாறை 50 கிலோ, 1000 ரூபாய். விலையெல்லாம் பாடத்துக்காக நான் வைத்தது, மார்க்கெட் நிலவரம் என்று யாரும் குறித்துக்கொள்ள வேண்டாம். ஒரு கூறை எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும். பாதி தர மாட்டார்கள். எந்தக் கூறுகளை எடுத்தால் லாபம் அதிகம்? இதுதான் நாப்சாக் கணக்கு.

எண்களைச் சிறிதாக்கிக்கொள்வோம். எடையைப் பத்துக் கிலோவிலும் லாபத்தை நூறு ரூபாயிலும் எழுதினால் நெத்திலி (2, 3), கணவாய் (3, 6), நண்டு (4, 9), பாறை (5, 10). பெட்டியின் கொள்ளளவு 8.

பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "கிலோவுக்கு எதில் லாபம் அதிகமோ அதை முதல்ல ஏத்திட்டா முடிஞ்சுது, இதுக்கு எதுக்கு சார் அட்டவணை?" நல்ல கேள்வி. போட்டுப் பார்ப்போம். நண்டுதான் கிலோவுக்கு அதிகம். அதை ஏற்றினால் 4 இடம் போய்விடும். மீதி 4-இல் பாறை நுழையாது, கணவாய் நுழையும். மொத்தம் 15. ஒரு இடம் காலியாகக் கிடக்கும், அதில் நெத்திலி கூட நுழையாது. ஆனால் நண்டை விட்டுவிட்டுப் பாறையையும் கணவாயையும் எடுத்தால் பெட்டி சரியாக நிறைந்து 16 வருகிறது. 100 ரூபாய் அதிகம்.

கூறைப் பிரித்துக் கொடுப்பார்கள் என்றால் தம்பி சொன்னதுதான் சரி. காலியான அந்த ஒரு இடத்தில் பாறையில் பத்துக் கிலோ வெட்டி வைத்தால் 17 வரும். பிரிக்க முடியாது என்ற ஒரு நிபந்தனைதான் கணக்கையே மாற்றுகிறது. சரி, மொத்த லாபம் அதிகமான கூறை முதலில் எடுக்கலாமா? பெட்டி 8 என்றால் தற்செயலாகச் சரியாக வரும். பெட்டி 7 என்று வைத்துப் பாருங்கள். பாறையும் நெத்திலியும் சேர்ந்து 13, நண்டும் கணவாயும் சேர்ந்து 15. அதுவும் கவிழ்ந்துவிட்டது.

இனி அட்டவணை. பரீட்சைத் தாளில் பலரும் சூத்திரத்தை முதலில் எழுதிவிட்டு அப்புறம் முழிப்பதைப் பார்க்கிறேன். சூத்திரம் அப்புறம் வரட்டும். ஒரு கட்டத்தில் இருக்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். என் வாக்கியம் இது: F(i, c) என்பது, முதல் i கூறுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மொத்த எடை c-ஐத் தாண்டாமல், அதிகபட்சம் எவ்வளவு லாபம் பெறலாம் என்பது. இதில் 'மட்டும்' என்ற சொல்லும் 'தாண்டாமல்' என்ற சொல்லும் அலங்காரத்துக்கு இல்லை. இரண்டும் பின்னால் வேலை செய்யும்.

இந்த வாக்கியம் கையில் இருந்தால் ரெக்கரன்ஸ் தானாக வந்துவிடும். i-ஆவது கூறைப் பற்றி மட்டும் கேளுங்கள்: எடுத்தோமா, எடுக்கவில்லையா? எடுக்கவில்லை என்றால் முன்னால் உள்ள கூறுகளுக்கு அதே c இடம் இருக்கிறது. எடுத்தோம் என்றால் அதன் லாபம் கைக்கு வந்தது, அதன் எடை அளவுக்கு இடம் போனது. மீதி இடத்தில் முன்னால் உள்ள கூறுகளால் என்ன அதிகபட்சமோ அதைச் சேர்க்கிறோம். அந்த அதிகபட்சத்தை ஏற்கெனவே மேல் வரிசையில் கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறோம். கீழே w_i என்பது i-ஆவது கூறின் எடை, v_i என்பது அதன் லாபம்.

```
F(0, c) = 0
F(i, c) = F(i-1, c)                               (w_i > c)
F(i, c) = max( F(i-1, c), v_i + F(i-1, c-w_i) )   (w_i <= c)
```

இரண்டு பக்கமும் i-1 இருப்பதைக் கவனியுங்கள். எடுத்த பிறகு அதே கூறு மறுபடி கிடைக்காது என்பதைத்தான் அந்த i-1 சொல்கிறது. முதல் வரிசை முழுக்க 0 ஏன்? 'தாண்டாமல்' என்று சொல்லிவிட்டோம். ஒன்றுமே ஏற்றாமல் போனாலும் எந்தக் கொள்ளளவையும் தாண்டவில்லை, லாபம் 0. 'பெட்டி சரியாக c நிறைய வேண்டும்' என்று கேள்வி இருந்தால் F(0, 0) மட்டும் 0. மற்ற கட்டங்களில் நடக்காத காரியம் என்று காட்ட மைனஸ் முடிவிலி போட வேண்டும். ரெக்கரன்ஸ் அப்படியே இருக்கும், தொடக்க வரிசை மட்டும் மாறும்.

நிரப்புவோம். மேலே c, இடது பக்கம் i.

```
 c:   0   1   2   3   4   5   6   7   8
 0    0   0   0   0   0   0   0   0   0
 1    0   0   3   3   3   3   3   3   3
 2    0   0   3   6   6   9   9   9   9
 3    0   0   3   6   9   9  12  15  15
 4    0   0   3   6   9  10  12  15  16
```

நெத்திலி வரிசையில் சொல்ல ஒன்றுமில்லை. இடம் 2 ஆனதும் 3 வருகிறது, அதன்பின் மாறவே இல்லை. ஒரு கூறுதானே இருக்கிறது.

கணவாய் வரிசையில் c = 5-ஐப் பாருங்கள். விட்டால் மேலே உள்ள 3. எடுத்தால் 6, மீதி இடம் 2, மேல் வரிசையில் 2-ஆவது நிரலில் 3, ஆக 9. அதற்கு ஒரு கட்டம் முன்னால், c = 4-இல், மீதி இடம் 1. அங்கே 0-தான் இருக்கிறது, அதனால் 6-லேயே நிற்கிறது.

நண்டு வரிசையில் c = 5 ஒரு வேடிக்கையான இடம். விட்டால் 9, நெத்திலியும் கணவாயும். எடுத்தால் 9 + 0, அதுவும் 9. இரண்டும் சமம். எண் எப்படியும் 9-தான், ஆனால் 'எந்தக் கூறுகள்' என்று கேட்டால் இரண்டு சரியான விடைகள். உங்கள் விடையும் பக்கத்து நண்பரின் விடையும் வேறாக இருந்து மொத்தம் ஒன்றாக இருந்தால் யார் தப்பு என்று சண்டை போட வேண்டாம்.

கடைசி வரிசையில் கடைசி இரண்டு கட்டங்கள்தான் இந்த அட்டவணையில் எனக்குப் பிடித்தவை. c = 7-இல் பாறையை எடுத்தால் 10 + 3 = 13, விட்டால் 15. விடுகிறோம். c = 8-இல் எடுத்தால் 10 + 6 = 16, விட்டால் 15. எடுக்கிறோம். பத்துக் கிலோ இடம் கூடியதும், இருந்த சரக்கோடு இன்னொன்று சேரவில்லை. நண்டு இறங்கிப் பாறை ஏறுகிறது. சிறிய பெட்டியின் விடையை வைத்துக்கொண்டு அதன் மேல் ஏதாவது சேர்த்துப் பெரிய பெட்டியின் விடையைப் பிடிக்கலாம் என்று நினைத்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வோம். அதனால்தான் எல்லாக் கொள்ளளவுக்கும் விடையை வைத்துக்கொள்கிறோம். இப்போதைக்குத் தேவையில்லாத F(3, 3) = 6 என்ற ஒரு கட்டம்தான் கடைசியில் 16-ஐக் கொடுத்தது.

16 வந்துவிட்டது, எந்தக் கூறுகள்? கீழ் வலது மூலையிலிருந்து மேலே ஏறுங்கள். F(4, 8) = 16, அதற்கு மேலே 15. மாறியிருக்கிறது, அப்படியானால் பாறை உண்டு. 5 நிரல் இடப்பக்கம் தள்ளி F(3, 3). அங்கே 6, மேலேயும் 6, நண்டு இல்லை. F(2, 3) = 6, மேலே 3, கணவாய் உண்டு. இடம் 0. முடிந்தது.

தடைக்காலத்தை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீனுக்குக் கிராக்கி ஏறும். லாப எண்கள் மாறும், கட்டங்களை மறுபடி நிரப்ப வேண்டும். ஆனால் அட்டவணையின் அளவு மாறாது. அதைத் தீர்மானிப்பது கூறுகளின் எண்ணிக்கையும் கொள்ளளவும்தான்.

இப்போது கணினிக்கு வருவோம். ஒவ்வொரு வரிசையும் அதற்கு மேல் வரிசையை மட்டுமே பார்க்கிறது. அதனால் ஒரே ஒரு வரிசையை வைத்துக்கொண்டு அதன் மேலேயே எழுதலாம்.

```
dp = [0] * 9
for w, v in [(2, 3), (3, 6), (4, 9), (5, 10)]:
    for c in range(8, w - 1, -1):
        dp[c] = max(dp[c], dp[c - w] + v)
print(dp[8])
```

இது 16 என்று அச்சிடும். உள் லூப் 8-இலிருந்து கீழே இறங்குகிறது. நிறையப் பேர் `range(w, 9)` என்று இடமிருந்து வலமாக எழுதிவிடுகிறார்கள். எரர் எதுவும் வராது, புரோகிராம் ஓடும், 18 என்று பதில் சொல்லும். நெத்திலியிலேயே பாருங்கள். dp[2] = 3 ஆகிவிட்டது. dp[4]-க்கு வரும்போது dp[2]-ஐப் பார்க்கிறது, அது இப்போது பழைய வரிசை இல்லை, நெத்திலி ஏற்கெனவே ஏறிய புது வரிசை. 3 + 3 = 6. அப்படியே dp[6] = 9, dp[8] = 12. கரையில் கிடந்தது ஒரே ஒரு நெத்திலிக் கூறு, பெட்டியில் நாலு! கடைசியில் வருகிற 18 என்பது இரண்டு நண்டுக் கூறு. நாம் எழுதிய வாக்கியத்தில் 'முதல் i கூறுகளை மட்டும்' என்பது இங்கேதான் உடைந்தது. வலமிருந்து வந்தால் dp[c - w] இன்னும் தொடப்படாமல் இருக்கும், அதாவது i-1 வரிசையாகவே இருக்கும்.

தப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பெட்டியின் பாதிக் கொள்ளளவைத் தாண்டாத ஒரே ஒரு கூறை மட்டும் கொடுத்து ஓட்டுங்கள். எந்தக் கட்டத்திலும் அதன் லாபத்தைவிடப் பெரிய எண் வந்தால் லூப் தலைகீழாக இருக்கிறது. அதேசமயம், ஒவ்வொரு வகையும் எத்தனை கூறு வேண்டுமானாலும் கிடைக்கும் என்பது கேள்வியானால் இடமிருந்து வலம் போவதுதான் சரி. ஒற்றை வரிசை முறையில் இன்னொரு இழப்பும் உண்டு. மேல் வரிசைகள் அழிந்துவிட்டதால் எந்தக் கூறுகள் என்று திரும்பி ஏறிப் பார்க்க முடியாது. அது வேண்டுமானால் முழு அட்டவணையை வைத்திருங்கள், அல்லது எடுத்தோமா என்ற குறிப்பையாவது தனியாக வைத்திருங்கள்.

கடைசியாக அலகு. வேலை, கூறுகளின் எண்ணிக்கையைக் கொள்ளளவால் பெருக்கிய அளவுக்கு. நம் எடைகள் எல்லாம் பத்தின் மடங்கு, அதனால் பத்தால் வகுத்ததில் எதுவும் இழக்கவில்லை, 9 நிரல் போதுமானது. தராசு கிராம் வரை காட்டுகிறது, அதையே எழுதுவேன் என்றால் 80,001 நிரல். நாலு கூறு அதே நாலு கூறுதான். எண்ணில் ஒரு இலக்கம் கூடினால் அட்டவணை பத்து மடங்கு ஆகும். இதனால்தான் இந்த முறை வேகமானது போலத் தெரிந்தாலும் பாலினாமியல் நேர அல்காரிதம் என்று சொல்ல மாட்டோம், சூடோ-பாலினாமியல் என்போம். 1972-இல் ரிச்சர்ட் கார்ப் வெளியிட்ட கடினமான 21 கணக்குகளின் பட்டியலில் நாப்சாக்கும் இருக்கிறது. இந்த அட்டவணை அதைப் பொய்யாக்கவில்லை.

சரி, கிராமைக் குறைக்க வேண்டும், எடைகளை முழு எண்ணாக்கலாமா? ஆக்கலாம், ஆனால் மேல்நோக்கி ஆக்குங்கள். 23 கிலோவை 2 என்று எழுதினால் அட்டவணை ஏறும் என்று சொல்லும், பெட்டி மூடாது. 3 என்று எழுதினால் கொஞ்சம் லாபம் தவறிப் போகலாம், ஆனால் கிடைத்த விடையைக் கட்டாயம் ஏற்ற முடியும். லாபத்தை ரூபாய்க்கு முழு எண்ணாக்க வேண்டிய அவசியமே இல்லை. அது கட்டத்துக்குள் இருக்கும் எண், நிரலின் எண் இல்லை. 612 ரூபாய் 50 காசு என்றாலும் அப்படியே போடலாம்.