5738 படைவீரர்களின் மார்பளவும் 68-95-99 விதியும்

எல்லோருக்கும் வணக்கம். நேராக எண்களுக்கே போய்விடலாம். 1817-ல் எடின்பரோவிலிருந்து வந்த ஒரு மருத்துவ இதழில் ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் மார்பளவுகள் அச்சாகின. பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளர் அடால்ஃப் க்யெட்லே அவற்றைத் தொகுத்து, 1846-ல் ஒரு நூலில் வெளியிட்டார். தொகுக்கும்போது அவர் கூட்டலில் கொஞ்சம் சறுக்கியிருக்கிறார் என்று பின்னாளில் கண்டுபிடித்தார்கள். அதனால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, அவர் கொடுத்த எண்களையே வைத்துக்கொள்வோம். மொத்தம் 5738 பேர். 33 அங்குலத்தில் 3 பேர் இருக்கிறார்கள், அங்கிருந்து எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் 39-ல் 1073, 40-ல் 1079 என்று உச்சத்தைத் தொட்டு, மறுபடி இறங்கி 48 அங்குலத்தில் ஒரே ஒருவரோடு முடிகிறது. கணக்குப் போட்டால் சராசரி 39.83 அங்குலம். அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 2.05 அங்குலம்.

இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து ஓர் இயல்நிலை வளைவு வரையலாம். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு, எல்லோருக்கும் தெரிந்த படம்தான். ஆனால் அந்தப் படத்தில் எதைப் படிக்க வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வளைவின் உயரத்தைப் படிக்கக் கூடாது, அதற்குக் கீழே உள்ள பரப்பைப் படிக்க வேண்டும். மொத்தப் பரப்பு 1, அதாவது எல்லாரும் சேர்ந்து 1. "எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை?" என்று இரண்டு கோடு போட்டால்தான் நடுவில் பரப்பு கிடைக்கும், அந்தப் பரப்புதான் அங்கே இருப்பவர்களின் பங்கு. ஒரே ஒரு கோட்டுக்குப் பரப்பே கிடையாது. மிகச் சரியாக 40.000 அங்குலம் மார்பளவு உள்ளவர் எத்தனை பேர் என்று வளைவிடம் கேட்டால் பூஜ்யம் என்றுதான் சொல்லும்.

அப்படியென்றால் பட்டியலில் 1079 பேர் எப்படி வந்தார்கள்? ஏனென்றால் 40 என்று எழுதியிருப்பது முழு அங்குலத்துக்குத் திருத்திய எண். 39.5 முதல் 40.5 வரை உள்ள எல்லோரும் அதற்குள் அடக்கம். அந்தப் பட்டைக்கான பரப்பைப் பார்த்தால் 0.192 வருகிறது, ஆளாக மாற்றினால் 1102 பேர். நிஜத்தில் 1079. நல்ல பொருத்தம்தான். இந்த அரை அங்குலத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் இது நம்மைப் படுத்தப்போகிறது.

சரி, விதிக்கு வருவோம். சராசரியிலிருந்து இரு பக்கமும் ஒரு திட்ட விலக்கம் போனால் பரப்பு 68 சதவீதம், இரண்டு போனால் 95, மூன்று போனால் 99.7. பேச்சில் அந்தக் கடைசி .7-ஐ விட்டுவிட்டு 99 என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் 99 என்றால் வெளியே நிற்பவர் நூற்றில் ஒருவர், 99.7 என்றால் ஆயிரத்தில் மூன்று பேர். மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். அப்புறம் இந்த எண்கள் எல்லாம் இரு பக்கமும் சேர்ந்த கணக்கு. "இரண்டு திட்ட விலக்கத்துக்கு மேலே எத்தனை பேர்" என்று கேட்டால் 5 சதவீதம் என்று சட்டென்று சொல்பவர்கள் நிறைய. அந்த ஐந்தில் பாதி இடது ஓரத்தில் கிடக்கிறது, மேலே இருப்பது சுமார் இரண்டரைதான்.

வீரர்களிடம் சரிபார்ப்போம். ஒரு திட்ட விலக்கம் என்றால் 37.78 முதல் 41.88 வரை. பட்டியலில் நம்மால் முழு அங்குலமாகத்தான் எண்ண முடியும், அதனால் 38, 39, 40, 41 ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். கூட்டினால் 3835 பேர், 66.8 சதவீதம். "68 வரவில்லையே" என்று யாராவது முணுமுணுத்தால் அது நியாயமான கேள்வி. நாம் எடுத்த நான்கு அளவுகளும் உண்மையில் மூடுவது 37.5 முதல் 41.5 வரையிலான இடத்தை, அதாவது விதி கேட்ட அதே இடத்தை அல்ல. அந்த இடத்துக்கே வளைவின் பரப்பைக் கணக்கிட்டால் 66.4 வருகிறது. 66.4-க்கு 66.8, இதைவிட என்ன வேண்டும்?

இப்போது விதி நேரடியாகப் பதில் சொல்லாத ஒரு கேள்வி. சீருடை தைப்பவருக்கு 43 அங்குலமும் அதற்கு மேலும் எத்தனை வேண்டும்? 43 என்பது சராசரியிலிருந்து ஒன்றரை திட்ட விலக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. 68-க்கும் 95-க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எண், வளைவின் பரப்புகளைத் தரும் அட்டவணைதான் கதி. சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்பதை z என்று எழுதி அதில் தேட வேண்டும். பலர் செய்வது இது:

z = (43 − 39.83) / 2.05 = 1.55

அட்டவணையில் 1.55-க்கு 0.4394 என்று இருக்கும். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். நம் பள்ளிப் புத்தக அட்டவணை நடுவிலிருந்து z வரை உள்ள பரப்பைத் தருகிறது. வேறு சில புத்தகங்களில் இடது கோடியிலிருந்தே கூட்டி 0.9394 என்று போட்டிருப்பார்கள். எது உங்கள் கையில் இருக்கிறது என்று பார்க்க எளிய வழி, z = 0 வரிசையைப் பாருங்கள். அங்கே 0 இருந்தால் நடுவிலிருந்து, 0.5 இருந்தால் இடது கோடியிலிருந்து. நம்முடையதில் 0.5-லிருந்து 0.4394-ஐக் கழித்தால் 0.0606, அதாவது 348 பேர்.

ஆனால் பட்டியலில் 43-லிருந்து 48 வரை எண்ணிக் கூட்டினால் 538 பேர்! தையல்காரர் 190 சீருடை குறைவாகத் தைத்துவிட்டு நிற்கிறார். வளைவு பொய் சொல்லவில்லை, கோட்டை நாம்தான் தப்பான இடத்தில் போட்டோம். 43 என்று எழுதப்பட்டவர்கள் 42.5-லிருந்தே தொடங்குகிறார்கள். கோட்டை அங்கே நகர்த்தினால் z 1.30, பரப்பு 0.5 − 0.4032 = 0.0968, ஆட்கள் 555. நிஜமான 538-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். கணினியில் விரிதாள் இருந்தால் அட்டவணையே வேண்டாம்:

```
=1-NORM.DIST(42.5, 39.83, 2.05, TRUE)
```

அந்த TRUE-வை FALSE என்று மாற்றிவிட்டால் அது பரப்பைத் தராது, வளைவின் உயரத்தைத் தந்துவிடும். அதுவும் பார்க்க ஒரு நல்ல தசமம் போலவே இருக்கும், சந்தேகமே வராது.

நடுவில் இவ்வளவு அழகாகப் பொருந்துகிற வளைவு ஓரங்களில் எப்படி என்று ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். 44-ம் அதற்கு மேலும் 211 பேர் என்கிறது வளைவு, இருப்பது 168. இன்னும் தள்ளிப் போய் 46-ம் அதற்கு மேலும் பார்த்தால் 16 பேர் என்கிறது, இருப்பது 26. ஓரிடத்தில் கூடுதலாகச் சொல்கிறது, அடுத்த இடத்தில் குறைத்துச் சொல்கிறது. மொத்தத்தோடு ஒப்பிட்டால் பத்து பேர் ஒன்றுமே இல்லை, ஆனால் 46 அங்குலச் சீருடைக்குத் துணி வாங்குபவருக்கு அது தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஓரத்தில் ஆட்கள் குறைவு என்பதால், ஒரு சின்ன விலகலும் அங்கே பெரிதாகத் தெரியும். ஆகவே 68-ஐ நான் தாராளமாக நம்புவேன், 95-ஐ ஓரளவு நம்புவேன், 99.7-ஐ வைத்து யாராவது "இது பத்தாயிரத்தில் ஒருமுறைதான் நடக்கும்" என்று நீட்டி முழக்கினால், அங்கே உண்மையான தரவு எத்தனை இருக்கிறது என்று முதலில் கேட்பேன்.

இன்னொன்று, மார்பளவு என்பதால் இவ்வளவாவது பொருந்தியது. வருமானம், ஒரு நாளில் பெய்த மழை, வங்கி வரிசையில் காத்திருந்த நேரம் இவையெல்லாம் ஒரு பக்கம் வால் நீண்டவை. காத்திருக்கும் நேரத்தின் சராசரி 10 நிமிடம், திட்ட விலக்கமும் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு திட்ட விலக்கம் கீழே போனால் மைனஸ் 10 நிமிடம் வரும். வரிசையில் நிற்பதற்கு முன்பே வேலை முடித்து வெளியே வந்தவர் யாரும் இல்லை, இல்லையா? கீழ் எல்லை இப்படி நடக்கவே முடியாத இடத்தில் போய் விழுந்தால், அங்கே இந்த விதியை எடுக்கவே வேண்டாம்.